வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு எவ்வளவு?

கேள்வி: வெள்ளவத்தையில் உள்ள எங்கள் கடையை மூன்று வருடத்துக்கு வாடகைக்குக் கேட்கிறார் ஒருவர். மாதம் ஒன்றரை இலட்சம் தருவாராம். இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து இப்போதே ஒரே தொகையாக 45 இலட்சத்து 40 ஆயிரம் தருவாராம். வருடம் 12 சதவீதம் வட்டி என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். 12ஐ 12ஆல் பிரித்து மாதம் 1 சதவீதம் போட்டால் ஒரே தொகைதான் இலாபம். தம்பியோ 0.949 சதவீதம் போட வேண்டும் என்கிறான். அப்படிப் போட்டால் மாத வாடகை இலாபமாக வருகிறது. யார் சொல்வது சரி?

பதில்:

அந்த 12 சதவீதம் வருட முடிவில் ஒருமுறை மட்டும் வட்டி சேரும் நிலையான வைப்பின் வீதம் என்றால் தம்பி சொல்வது சரி. மாதாமாதம் வட்டி கணிக்கப்படும் கடனின் வீதம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் இருவரின் கணக்கிலும் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உள்ளது. வாடகை மாத முடிவில் வருவதாக இருவரும் எடுத்திருக்கிறீர்கள். கொழும்பில் கடை வாடகை பெரும்பாலும் மாதத் தொடக்கத்திலேயே கட்டப்படுகிறது. அதைத் திருத்தினால் இரண்டு வீதங்களும் ஒரே முடிவைத்தான் தருகின்றன. அங்கே போவதற்கு முன்னர் வீதத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

வங்கி அல்லது நிதி நிறுவனம் ஒன்றின் வாசலில் தொங்கும் நிலையான வைப்பு அட்டவணையை ஒருமுறை நின்று வாசியுங்கள். ஒரு வருட வைப்புக்கு எதிரே பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: வட்டியை முதிர்வில் எடுப்பவருக்கு ஒன்று, மாதாமாதம் எடுப்பவருக்கு மற்றொன்று. இரண்டாவது பொதுவாகச் சற்றுக் குறைவாகவே இருக்கும். முதிர்வில் 12.00 என்று எழுதியிருந்தால் மாதாந்த வட்டிக்கு 11.39 அளவில் ஓர் எண் எழுதப்பட்டிருப்பது இயல்பு. மாதாமாதம் பணம் எடுப்பவருக்கு வங்கி குறைத்துக் கொடுக்கிறது என்று பலர் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்த இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒரே விலையை இரண்டு விதமாகச் சொல்கின்றன. மாதாமாதம் வட்டியை வாங்குபவர் அந்த வட்டியை மறுபடியும் வட்டிக்கு விடலாம். முதிர்வுவரை காத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த வாய்ப்பின் விலையே இடையிலுள்ள 0.61. உங்கள் தம்பி சொன்ன 0.949ஐ 12ஆல் பெருக்கிப் பாருங்கள், கிடைப்பது 11.39தான். அவர் கணினியில் கண்டுபிடித்த எண் அந்த அட்டவணையின் இரண்டாவது நிரலில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.

ஓர் இலட்சம் ரூபாயை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மாதம் 1 சதவீதம் என்று எடுத்தால் முதல் மாத முடிவில் 101,000 ரூபாய். இரண்டாவது மாதம் அந்த 101,000க்கு 1 சதவீதம், அதாவது 1,010 ரூபாய் சேர்ந்து 102,010. இப்படியே பன்னிரண்டு மாதம் போனால் வருட முடிவில் 112,682 ரூபாயும் சில சதமும் வரும். முதிர்வில் 12 சதவீதம் தருவதாகச் சொன்ன நிறுவனம் உங்கள் கையில் கொடுப்பதோ 112,000 ரூபாய். ஆகவே அந்த வைப்பை நீங்கள் மாதம் 1 சதவீதம் என்று கணக்கில் எழுதினால், நிறுவனம் தராத 682 ரூபாயைத் தந்ததாக எழுதுகிறீர்கள். பன்னிரண்டு மாதம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி மிகச் சரியாக 112,000இல் போய் நிற்கும் மாத வீதம் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. 1.12 இன் பன்னிரண்டாம் மூலத்தை எடுத்து அதிலிருந்து 1ஐக் கழித்தால் அது கிடைக்கும்:

```
=(1+12%)^(1/12)-1
```

இதன் விடை 0.948879 சதவீதம். வட்டி மாதத்துக்கு மாதம் பெருக்கலாக ஏறுவதால்தான் வகுத்தல் இங்கே பொருந்தாமல் மூலம் எடுக்க வேண்டியிருக்கிறது. கூட்டலாக ஏறியிருந்தால் 12ஆல் பிரிப்பது போதுமாயிருந்திருக்கும். எக்செலில் இதே விடையை `=NOMINAL(12%,12)/12` என்று கேட்டும் பெறலாம். எதிர்த்திசையில், மாதம் 1 சதவீதம் வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு என்று அறிய `=EFFECT(12%,12)` என்று கேட்டால் 12.6825 சதவீதம் என்று காட்டும். இந்த 12.68ஐத்தான் பயனுறு வருடாந்த வீதம் என்கிறோம். வைப்பு அட்டவணைகளில் ஏ.இ.ஆர். என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது நிரல் ஒன்று இருந்தால் அது இந்த வகை எண்தான். அந்த நிரல் இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம். அதை எடுத்துப் பன்னிரண்டாம் மூலம் கண்டால் போதும்.

இனி கடன் பக்கம். வீட்டுக் கடன், வியாபாரக் கடன், மேலதிகப்பற்று ஆகியவற்றுக்கு வருடத்துக்கு 12 சதவீதம் என்று சொன்னால், வழக்கமாக அதன் பொருள் மாதத்துக்கு 1 சதவீதம் என்பதே. இங்கே மூலம் எடுக்கப் போனால் பிழை. சந்தேகம் இருந்தால் கடன் கடிதத்தோடு வரும் தவணை அட்டவணையின் முதல் வரியைப் பார்ப்பதே மிக இலகுவான சோதனை. பத்து இலட்சம் ரூபாய் கடனுக்கு முதல் மாத வட்டி நிரலில் 10,000 ரூபாய் என்று இருந்தால் வீதம் மாதம் 1 சதவீதம்; பேச்சுக்கு இடமில்லை. 9,489 என்று இருந்தால்தான் 0.949. அட்டவணை கையில் இல்லாவிட்டால் தவணைப்பணத்தை வைத்தும் சொல்லலாம்: பத்து இலட்சத்தை 36 மாதத்தில் குறைந்து செல்லும் மீதியின் மேல் 1 சதவீதப்படி திருப்பிக் கட்டினால் தவணை 33,214 ரூபாய், 0.949 சதவீதப்படி என்றால் 32,922 ரூபாய். நாள் கணக்கில் வட்டி போடும் இடங்களில் 31 நாள் மாதத்தில் சற்றுக் கூடியும் பெப்ரவரியில் சற்றுக் குறைந்தும் வரும். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் 1 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும்.

வாகன லீசிங் செய்பவர்கள் சொல்லும் ‘பிளாட்’ வீதம் இந்த இரண்டிலும் சேராது. உங்கள் 12 அங்கிருந்து வந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு 12 சதவீதம் பிளாட் என்றால், மீதி குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுக்காமல் முழுத் தொகைக்கும் மூன்று வருட வட்டி போடப்படுகிறது. பத்து இலட்சத்துக்கு வட்டி 360,000, மொத்தம் 1,360,000, அதை 36ஆல் பிரித்தால் மாதத் தவணை 37,778 ரூபாய். `=RATE(36,-37778,1000000)` என்று கேட்டால் மாத வீதம் 1.77 சதவீதம் அளவில் வரும். அது வருடத்துக்குப் பயனுறு அடிப்படையில் 23 சதவீதத்தையும் தாண்டுகிறது. பிளாட் வீதத்தை மாத வீதமாக்க நேரடிச் சூத்திரம் ஏதும் இல்லை. தவணையை எடுத்து `RATE` மூலம் பின்னோக்கிக் காண்பதே வழி.

ஆகவே உங்கள் கேள்விக்கு வீதத்தின் பக்கத்திலிருந்து முடிவு சொல்ல, ஒரே தொகையாக 4,540,000 ரூபாய் கைக்கு வந்தால் அதை என்ன செய்வீர்கள் என்று நான் உங்களிடம் கேட்க வேண்டும். முதிர்வில் 12 சதவீதம் தரும் வைப்பில் போடுவதாக இருந்தால் கழிவு வீதம், அதாவது பிறகு வரும் வாடகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம், மாதத்துக்கு 0.948879. அதே பணத்தால், மாதாமாதம் வட்டி ஏறும் 12 சதவீதக் கடன் ஒன்றை அடைப்பதாக இருந்தால் கழிவு வீதம் மாதத்துக்கு 1. இரண்டும் உங்களிடம் இருந்தால் கடனை அடைப்பதே கூடிய பலன் தரும். ஆகவே கடன் வீதத்தையே எடுங்கள். கழிவு வீதம் என்பது பாடப்புத்தகத்தில் இருந்து எடுக்கும் எண் அல்ல. அந்தப் பணம் வேறு எங்கே போயிருக்கும், அங்கே என்ன தந்திருக்கும் என்பதற்கான விடை அது.

இப்போது உங்கள் இருவரின் கணக்கையும் திருப்பிச் செய்து பார்க்கிறேன். மாதம் 150,000 ரூபாய், 36 மாதம், ஒவ்வொன்றும் மாத முடிவில் என்று எடுத்தால், 1 சதவீதத்தில் இற்றைப் பெறுமதி, அதாவது அந்த 36 வாடகைக்கும் சேர்த்து இன்றைக்குள்ள மதிப்பு, ஏறத்தாழ 4,516,100 ரூபாய். 0.948879 சதவீதத்தில் 4,556,200 ரூபாய். அவர் தருவதாகச் சொல்லும் 4,540,000 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதனால்தான் நீங்கள் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நிற்கிறீர்கள். வாடகைக்குக் கேட்பவர் இதைக் கணித்தே இந்தத் தொகையைச் சொன்னாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.

ஆனால் வாடகை எந்த நாளில் வருகிறது? ஒப்பந்தத்தில் ‘ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன்னர்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதாவது முதல் மாத வாடகை சாவி கொடுக்கும் நாளிலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதைக் கழிக்கவே கூடாது. இரண்டாவது மாத வாடகையை ஒரு மாதத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். முப்பத்தாறாவது வாடகையை 35 மாதத்துக்கு. முழு வரிசையும் ஒரு மாதம் முன்னுக்கு நகர்வதால், மேலே கண்ட இற்றைப் பெறுமதியை ஒரு மாத வட்டியால் உயர்த்தினால் போதும். 1 சதவீதத்தில் அது 4,561,300 ஆகிறது. 0.948879 சதவீதத்தில் 4,599,400 ஆகிறது. இரண்டுமே 4,540,000ஐ விடக் கூடியவை. மாத வாடகையே மேல் என்பதில் உங்களுக்கும் தம்பிக்கும் இனிச் சண்டை இருக்க வேண்டியதில்லை.

வீதப் பிழை ஏறத்தாழ 40,000 ரூபாய் வேறுபாட்டைத் தந்தது. நாள் பிழை அதைவிடச் சற்றுக் கூடுதலாக, தம்பியின் கணக்கில் 43,000 ரூபாய் அளவுக்குத் தந்தது. என் அனுபவத்தில் வீதத்தைப் பற்றி அரை மணிநேரம் வாதாடுபவர்கள், பணம் எந்த நாளில் கைமாறுகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

எக்செலில் இந்தப் பிழை புகும் வாசல் `NPV` என்ற சார்பு. நீங்கள் கொடுக்கும் முதல் தொகையையும் அது ஒரு காலப்பகுதிக்குக் கழித்துவிடும். அந்தத் தொகை இன்றைக்கே வருகிறது என்று நீங்கள் நினைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. 36 கலங்களையும் தெரிவு செய்து `NPV` போட்டால் மாத முடிவுக் கணக்குத்தான் கிடைக்கும். தொகை மாறாமல் வரும் இந்த வகைக்கு `PV` நல்லது. அதில் கடைசியாக இடும் 1 என்ற எண், பணம் காலத் தொடக்கத்தில் வருகிறது என்பதைச் சொல்கிறது:

```
=PV((1+12%)^(1/12)-1, 36, -150000, 0, 1)
```

இரண்டாவது வருடத்தில் வாடகையை உயர்த்தும் நிபந்தனை இருந்தால் `PV` ஒரே அடியில் வராது. அப்போது 36 தொகைகளையும் வரிசையாக எழுதி, முதல் தொகையைத் தனியே வைத்து, மிகுதி 35க்கு மட்டும் `NPV` போட்டுக் கூட்டுங்கள்.

மாதக் கணக்கே வேண்டாம், வருடம் 18 இலட்சம் என்று எடுத்து 12 சதவீதத்தால் மூன்று வருடத்துக்குக் கழித்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வீதத்தை மாற்றும் தலையிடி அதில் இல்லை என்பது உண்மை. விடை 4,323,300 ரூபாய் என்று வரும். மாதாமாதம் கைக்கு வரும் வாடகை முழுவதும் வருடத்தின் கடைசி நாளில்தான் வருகிறது என்று எடுத்ததால், சரியான பெறுமதியில் இரண்டே முக்கால் இலட்சம் ரூபாய் காணாமற்போய்விட்டது. அந்தக் கணக்கை நம்பியிருந்தால் 4,540,000 ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பீர்கள். மாதக் காசுப்பாய்ச்சலை மாதக் காசுப்பாய்ச்சலாகவே வைத்துக்கொண்டு வீதத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

`XNPV` பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் திகதிகளோடு வேலை செய்பவர்கள் கடைசியில் அங்கேதான் போவார்கள். அந்தச் சார்பு தன்னிடம் கொடுக்கப்படும் வீதத்தைப் பயனுறு வருடாந்த வீதமாகவே எடுத்துக்கொள்கிறது. முதல் திகதியிலிருந்து ஒவ்வொரு தொகையும் வரும் நாள்வரை போன நாட்களை 365ஆல் பிரித்துக் கழிக்கிறது. வரிசையில் முதலாவதாக உள்ள திகதியை இன்றைய நாளாகக் கொள்கிறது. இதனால் இரண்டு விளைவுகள். வைப்பு வீதமான 12ஐ அப்படியே கொடுத்தால் தம்பியின் 0.949 கணக்கோடு ஒத்த விடை வரும். மாதங்கள் சம நீளம் இல்லாததால் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து ஆயிரம் ரூபாய் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யலாம், அதைப் பிழையென்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கடன் வீதமான 12க்கோ `XNPV` இடம் 12ஐக் கொடுக்கக்கூடாது, 12.6825ஐக் கொடுக்க வேண்டும். வேறுபாடு ஆயிரம் இரண்டாயிரம் அல்லாமல் நாற்பதாயிரம் அளவில் இருந்தால், வீதம் தவறான உருவத்தில் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கணக்காளனாக நான் பார்த்ததிலேயே கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்னர் வேலை செய்த ஓர் இடத்தில், குத்தகைக் கணக்கு ஒன்றில் ஒருவர் 12 சதவீதத்தைச் சரியாக 0.949 ஆக மாற்றி, அறிக்கையில் அழகாகத் தெரிவதற்காக அதை 12ஆல் பெருக்கி ‘வருடாந்த வீதம் 11.39’ என்று எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பிறகு வந்தவர் அந்த 11.39ஐப் பயனுறு வீதம் என்று நம்பி மறுபடியும் பன்னிரண்டாம் மூலம் எடுத்தார். 0.903 சதவீதம் வந்தது. கலங்களில் எல்லாம் சூத்திரம் சரியாக இருந்தது. ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்க்கச் சரிதான். இறுதி விடை மட்டும் பிழை. நானே அதை இரண்டு தடவை பார்த்து ‘சரி’ போட்டவன். அன்றிலிருந்து மாத வீதக் கலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கலம் வைத்துத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது:

```
=(1+B2)^12-1
```

`B2` இல் மாத வீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் விடை நீங்கள் தொடங்கிய பயனுறு வீதத்துக்கு, அதாவது 12.00 சதவீதத்துக்கு, அட்சரம் பிசகாமல் திரும்ப வேண்டும். 11.39 என்று வந்தால் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது. 12.68 என்று வந்தால் யாரோ 12ஆல் வகுத்திருக்கிறார். மேலும், மாத வீதத்தைக் கையால் 0.95% என்று தட்டச்சு செய்யாதீர்கள். திரையில் அப்படித் தெரிந்தாலும் கலத்துக்குள் முழு எண்ணும் இருக்கட்டும். உங்கள் கணக்கில் அந்தச் சிறு மட்டந்தட்டலால் வரும் வேறுபாடு எண்ணூறு தொள்ளாயிரம் ரூபாய்தான், ஆனால் தொகையும் காலமும் பெருகும்போது அதுவும் பெருகும்.

இனிக் கடைசி விடயம். 0.949ஆ 1ஆ என்ற கேள்விக்குச் சரியான விடை இருக்கிறது. 12ஆ என்ற கேள்விக்கு அப்படி இல்லை. ஒரு வருட வைப்பின் வீதத்தைக் கொண்டு மூன்று வருடக் காசுப்பாய்ச்சலைக் கழிக்கும்போது, இரண்டு தடவை புதுப்பிக்கும்போதும் அதே வீதம் கிடைக்கும் என்று நம்புகிறீர்கள். நம் நாட்டில் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அடுத்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து இறக்கத் தொடங்கியது. இவற்றைப் பார்த்த பிறகு மூன்றாவது தசமத்துக்காக மட்டும் கவலைப்படுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. அத்தோடு வாடகை என்பது வைப்பு வட்டி அல்ல. வாடகைக்கு வருபவரின் வியாபாரம் படுத்துவிட்டால் பதினெட்டாவது மாதத்தில் வாடகை நின்றுபோகலாம்; கையில் வாங்கிய ஒரே தொகைக்கு அந்தப் பயம் இல்லை. அந்த ஆபத்துக்காக வீதத்தை உயர்த்த நினைத்தால் அதைப் பயனுறு வருடாந்த வீதத்தில் கூட்டிவிட்டுப் பிறகு மாதத்துக்கு மாற்றுங்கள். 12உடன் 3ஐச் சேர்த்து 15 என்று எடுத்தால் மாத வீதம் 1.1715 சதவீதம், மாதத் தொடக்க வாடகையின் இற்றைப் பெறுமதி 4,436,600 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஒரே தொகைதான் மேல்.

எந்த இடத்தில் முடிவு திரும்புகிறது என்பதை நேரடியாகவே கேட்கலாம்:

```
=RATE(36, 150000, -4540000, 0, 1)
```

விடை மாதத்துக்கு 1.029 சதவீதம் அளவில் வரும். பயனுறு வருடாந்த வீதமாக்கினால் ஏறத்தாழ 13.07 சதவீதம். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க உங்கள் 12ஓ தம்பியின் 0.949ஓ தேவைப்படவில்லை, ஒப்பந்தத்தில் உள்ள தொகைகளும் நாட்களும் மட்டுமே போதுமாயிருந்தன. வைப்பு வீதம் 12.00, கடன் வீதம் பயனுறு அடிப்படையில் 12.68. இரண்டும் 13.07க்குக் கீழே. ஆகவே ஒழுங்காக வாடகை கட்டுவார் என்று உங்களுக்கு நம்பிக்கை உள்ள ஆள் என்றால் மாத வாடகைக்கே கொடுங்கள். அந்த நம்பிக்கைக் குறைவுக்கு வருடத்துக்கு ஒரு சதவீதப் புள்ளிக்குமேல் விலை வைக்க வேண்டும் என்று தோன்றினால், வைப்பில் போட இருப்பவராக நீங்கள் 4,540,000ஐ வாங்கிக்கொள்ளலாம். கடனை அடைக்க இருப்பவர் என்றால் அரைப் புள்ளிக்கும் குறைவான சந்தேகமே முடிவைத் திருப்பப் போதும். வட்டிக்கும் வாடகைக்கும் கட்டவேண்டிய வரியை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் வாடகை, ஒரே தொகை, வீதம் ஆகிய மூன்றையும் வரி கழித்த பின்னர் எடுங்கள். ஒன்றில் மட்டும் கழித்து மற்றதில் விட்டால் மேலே திருத்திய பிழைகள் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும்.